காட்டன் சட்டை வாங்கும்போது விரல் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள்

புதுச் சட்டையைக் கையில் எடுத்ததும் கட்டைவிரலால் ஒரு தடவு தடவிப் பார்க்கிறோம். வழுவழுப்பாக இருந்தால் ‘நல்ல துணி’ என்று அங்கேயே முடிவு கட்டிவிடுகிறோம். 600, 700 ரூபாய்க்குள் முதல் காட்டன் சட்டை வாங்கப் போகிறவர் பெரும்பாலும் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

அந்த வழுவழுப்பு நூலுடையதாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. துணி ஆலையை விட்டுக் கிளம்பும் முன் கடைசிக் கட்டத்தில் சிலிக்கான் கலந்த மென்மையூட்டியில் நனைத்து எடுப்பது சாதாரண வழக்கம். இன்னொரு பக்கம், மெலிந்த துணியில் கஞ்சி ஏற்றினால் விறைப்பாக நிற்கும், கனமாகவும் தெரியும். கஞ்சி சில சலவைகளில் கரைந்து போகும், மென்மையூட்டியும் துவைக்கத் துவைக்கக் குறையும். மிஞ்சுவது நூலும் நெசவும்தான். அதனால் தடவிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், சட்டையின் கீழ் ஓரத்தை எடுத்து, துணியோடு துணியைச் சில விநாடிகள் அழுத்தித் தேயுங்கள். விரலில் மாவு போல ஒட்டினால் கஞ்சி. தேய்த்த இடத்தில் பஞ்சு மயிர் எழுந்து நின்றால் குட்டை இழைப் பஞ்சில் நூற்ற நூல். அந்தத் துணி சீக்கிரம் உருண்டை கட்டும்.

அடுத்து, அதே ஓரத்தைக் கைப்பிடிக்குள் இறுக்கிப் பத்து எண்ணிவிட்டு விடுங்கள். சுத்தக் காட்டன் கசங்கியே ஆக வேண்டும். கசங்காமல் சட்டென்று விரிந்தால் பாலியஸ்டர் கலந்திருக்கும், அல்லது சுருக்கம் விழாமல் இருக்க ரசாயனப் பூச்சு கொடுத்திருப்பார்கள். எது என்று உள்பக்கத் தையலில் தொங்கும் சின்னத் துணிச் சீட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ‘100% காட்டன்’ என்பது ஒன்று. ‘காட்டன் ரிச்’, ‘காட்டன் ப்ளெண்ட்’ என்பது வேறு. பின்னதில் கலப்பு உண்டு. கலப்புத் துணி மோசம் என்று சொல்ல மாட்டேன். சீக்கிரம் காயும், இஸ்திரி வேலையும் குறைவு. ஆனால் நம் ஊர் சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு பேருந்தில் நிற்பது வேறு அனுபவம். காட்டனுக்கான விலையை அதற்குக் கொடுக்கவும் வேண்டாம்.

துணி தடிமனாக இருந்தால் நெசவும் நெருக்கமாக இருக்கும் என்று நினைப்பது இரண்டாவது தவறு. தடித்த நூலை இடைவெளி விட்டு நெய்தாலும் துணி தடிமனாகத்தான் இருக்கும். மெல்லிய நூலை நெருக்கி நெய்த பாப்ளின் இலேசாக இருந்தாலும் பல வருடம் உழைக்கும். நெருக்கத்தைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். சட்டையின் முதுகுப் பகுதியை ஒற்றை அடுக்காக வைத்து, கடை வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்பதைவிட, அது ஒரே சீராக வருகிறதா என்பதே முக்கியம். வெளிர் நிறத்தில் கொஞ்சம் வெளிச்சம் வரத்தான் செய்யும். ஓரிடத்தில் அடர்த்தி, பக்கத்திலேயே கோடு கோடாக மெலிவு, நடுவில் ஊசித் துளை போலப் புள்ளிகள் என்று தெரிந்தால் வைத்துவிடுங்கள். கைத்தறித் துணிக்கு மட்டும் இந்த அளவுகோல் பொருந்தாது. அதில் சிறு ஏற்ற இறக்கம் இயல்பு.

நெசவையும் தையலையும் சேர்த்துச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. இடுப்புப் பக்கத் தையலின் இரு புறமும் இரண்டு விரல் தள்ளிப் பிடித்து, மெதுவாகப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். தையல் ஓரத்துத் துணி நூல்கள் விலகி ஏணிப்படி போல இடைவெளி விழுந்தால் நெசவு தளர்வு. அக்குளிலும் முதுகிலும் அந்தச் சட்டை முதலில் பிரியும். துணி அப்படியே இருக்க, தையல் நூல் மட்டும் வாய் பிளந்து தெரிந்தால் நூலின் இறுக்கத்தைச் சரியாக வைக்காமல் தைத்திருக்கிறார்கள்.

அண்மையில் அக்கா மகனுக்கு முதல் சட்டை எடுக்கப் போனோம். ஒரே வான நீலத்தில் இரண்டு. ஒன்று 690 ரூபாய், பட்டு மாதிரி வழுக்கியது. இன்னொன்று 620, கொஞ்சம் சொரசொரப்பு. “பியூர் காட்டன் சார், கண்ணை மூடிட்டு எடுங்க” என்றார் கடைக்காரர், இரண்டையும் காட்டி. முதலாவதைக் கசக்கிவிட்டதும் மடிப்பில்லாமல் விரிந்தது. உள்ளே சீட்டில் ‘காட்டன் ரிச்’. பக்கத் தையலை இழுத்தால் நூல்கள் விலகி நின்றன. இரண்டாவது நன்றாகக் கசங்கியது, வெளிச்சம் சீராக வந்தது, இழுத்த இடம் அசையவில்லை. பட்டன் பட்டி ஓரத்தில் பத்து ரூபாய் நாணயத்தை வைத்துத் தையலை எண்ணினோம், 13 வந்தது. “மாமா, இது முரடா இருக்கே” என்று இழுத்தான். நல்ல நெருக்கமான காட்டன் துவைக்கத் துவைக்க இளகும், மற்றதன் மென்மை குறைந்துகொண்டே போகும் என்று சொல்லி அதையே எடுத்தோம்.

அந்த நாணயக் கணக்கை எங்கேயும் பயன்படுத்தலாம். பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர், ஓர் அங்குலத்துக்குச் சற்றே கூட. அந்த நீளத்துக்குள் 12 தையல் அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்த விலைக்கு நல்ல தையல். ஒன்பதுக்கும் குறைந்தால் வேகமாகத் தைத்துத் தள்ளியது என்று அர்த்தம். எண்ணிக்கை கூடினால் மட்டும் போதாது. தையல் ஓடும் கோட்டில் துணி சுருங்கி அலை அலையாக நின்றால் துவைத்த பிறகு அது இன்னும் கூடும்.

சட்டையை உள்பக்கம் திருப்பாமல் பணம் கொடுக்காதீர்கள். துணி ஓரம் வெளியே தெரியாமல் மடித்து இரட்டைத் தையல் போட்டிருந்தால் சிறப்பு. 600 ரூபாய்ச் சட்டையில் பெரும்பாலும் வெட்டிய ஓரத்தை நூல் சுற்றி மூடும் ஓவர்லாக்தான் இருக்கும், அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் ஓவர்லாக்குக்கு உள்ளே தனியாக ஒரு நேர்த்தையல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓவர்லாக் மட்டுமே துணியைப் பிடித்துக்கொண்டிருந்தால் ஒரு நூல் அறுந்ததும் பிரிய ஆரம்பிக்கும்.

பிசிறு நூல் தொங்குகிறது, பட்டன் ஆடுகிறது என்று நல்ல சட்டையை வைத்துவிட்டு வருவதும் தவறுதான். பிசிறைக் கத்தரித்துக்கொள்ளலாம். பிடித்து மட்டும் இழுக்காதீர்கள். பட்டன் தையல் சில சட்டைகளில் நூல் முனையை இழுத்தாலே மொத்தமாக அவிழும். வீட்டில் ஊசி எடுத்து ஐந்து நிமிடத்தில் பட்டனை இறுக்கிவிடலாம். காஜா பிரிந்திருந்தால் அப்படிச் சரிசெய்ய முடியாது, அதனால் காஜாவைப் பாருங்கள். காலரின் இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து நீளம் சமமா என்று பாருங்கள். அங்கே கோணல் என்றால் போட்டுக்கொள்ளும்போது தினமும் தெரியும்.

கடைசியாக அளவு. உடம்போடு ஒட்டிக் கச்சிதமாக நிற்கும் காட்டன் சட்டையை ஆசைப்பட்டு எடுத்தால், முதல் துவைப்பில் 3 சதவீதம் சுருங்கினாலே 40 சென்டிமீட்டர் காலரில் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் போய்விடும். மேல் பட்டனைப் போட்டபின் கழுத்துக்கும் காலருக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். அடர் நிறம் என்றால், கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் உள்தையல் ஓரத்தில் ஒருமுறை தேயுங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் வேறு நிறம் கேளுங்கள்.