ஒரே பொருளுக்கு மூன்று எண்ணிக்கை: ஆர்டர், கிடங்கு, பில்லிங், கணக்கு மென்பொருள்களை இணைக்கும் முறை

கிடங்கு அலமாரியில் ஐந்து பெட்டிகள் கண்ணெதிரே இருந்தன. இணையக் கடையோ இரண்டுதான் மீதம் என்று காட்டியது. நான்கு மென்பொருள்களை முதன்முறையாக இணைத்தபோது இந்த மூன்று பெட்டிகள் எங்கே போயின என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அந்தக் கணக்கை வைத்தே இணைக்கும் முறையை விளக்குகிறேன். மென்பொருளை நிறுவுவது, பொருள்களின் பெயர்களைப் பதிவது ஆகியவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

படி 1: எந்த எண் யாருடையது என்று எழுதிக்கொள்ளுங்கள்

ஆர்டர் மென்பொருள், யாருக்கு என்ன தருவதாக வாக்களித்திருக்கிறோம் என்பதை வைத்திருக்கிறது. கிடங்கு மென்பொருள், பொருள் எந்த அலமாரியில் எத்தனை இருக்கிறது என்பதை அறியும். பில்லிங் மென்பொருள், கவுண்டரில் பணம் வாங்கிப் பொருளை உடனே கையில் கொடுத்துவிடும். அங்கே வாக்குறுதிக்கும் ஒப்படைப்புக்கும் இடைவெளியே இல்லை. கணக்கு மென்பொருளுக்குப் பெட்டிகளைவிட அவற்றின் மதிப்பே முக்கியம்.

இவற்றை இணைக்கத் தொடங்குமுன் ஒரு தாளில், ஒவ்வோர் எண்ணையும் மாற்றும் உரிமை எந்த மென்பொருளுக்கு உண்டு என்று எழுதுங்கள். ஓர் எண்ணுக்கு ஓர் உரிமையாளர்தான் இருக்க வேண்டும். மற்றவை நடந்ததைச் சொல்லலாம், எண்ணைத் தாமே திருத்தக்கூடாது.

படி 2: ஒரு பொருளைக் கையால் ஓட்டிப் பாருங்கள்

நான் இடறி விழுந்த இடம் இதுதான் என்பதால் சற்று நிதானமாகச் செல்வோம். கடையும் இணைய விற்பனையும் ஒரே இருப்பிலிருந்து நடக்கின்றன; தொடக்கத்தில் 10 பெட்டிகள் உள்ளன. மூன்று எண்களைப் பின்தொடர வேண்டும்: கையிருப்பு, ஒதுக்கியது, விற்கத்தக்கது. மூன்றாவது எண் எப்போதும் முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து வருவதே.

இணையத்தில் 3 பெட்டிகளுக்கு ஆர்டர் வருகிறது. பெட்டி எதுவும் நகரவில்லை. ஆகவே கையிருப்பு 10, ஒதுக்கியது 3, விற்கத்தக்கது 7. பிறகு கவுண்டரில் 2 விற்கின்றன. கையிருப்பு 8, ஒதுக்கியது 3, விற்கத்தக்கது 5. மாலையில் கிடங்கிலிருந்து அந்த 3 பெட்டிகள் அனுப்பப்படுகின்றன. கையிருப்பு 5, ஒதுக்கியது 0, விற்கத்தக்கது அதே 5.

கடைசி வரியில் விற்கத்தக்கது மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். நானோ, ஆர்டர் வந்தபோது ஒருமுறையும், பொருள் கிளம்பியபோது மறுமுறையும் அதிலிருந்து 3 கழிக்கும்படி இணைத்திருந்தேன். அதனால் 5 இருக்க வேண்டிய இடத்தில் 2 தெரிந்தது. கிடங்கின் அனுப்பல் செய்தி கையிருப்பைக் குறைப்பதோடு ஒதுக்கீட்டையும் விடுவிக்க வேண்டும். இரண்டும் ஒரே செயலாக நடந்தால் பிழை வராது.

படி 3: கணக்குக்கு எப்போது செய்தி போக வேண்டும்

ஒரு பெட்டியின் விற்பனை விலை 100, கொள்முதல் விலை 60 என்று வைத்துக்கொள்வோம். இணைய வாடிக்கையாளர் 300 முன்கூட்டியே செலுத்திவிட்டாலும் அது இன்னும் விற்பனை வருவாய் அன்று. பொருள் தரும்வரை அது வாடிக்கையாளர் முன்பணம், அதாவது நம் கடன் பொறுப்பு. பெட்டிகள் கிளம்பும்போதுதான் முன்பணம் 300 விற்பனையாக மாறும். அப்போதே இருப்பிலிருந்து 180 குறைந்து விற்ற பொருளின் அடக்க விலையாகப் பதிவாகும். ஆகவே கணக்கை ஆர்டர் பதிவோடு இணைக்காமல் கிடங்கின் அனுப்பல் செய்தியோடு இணைப்பதே என் பரிந்துரை.

கவுண்டர் பில்களை ஒவ்வொன்றாகக் கணக்குக்கு அனுப்புவதை நான் விரும்புவதில்லை. நாள் முடிவில் மொத்த விற்பனை, வரி, ரொக்கம், அட்டை என ஒரே பதிவாக அனுப்பினால், கல்லாவில் உள்ள பணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது.

பின்குறிப்பு: கருத்துப் பகுதியில் வந்த ஒரு சிக்கல்

ஒரு வாசகர், படி 2-இன் பிழையைத் தவிர்க்கத் தினமும் இரவில் கிடங்கின் எண்ணிக்கையை எடுத்து இணையக் கடையின் விற்கத்தக்க எண்ணாக எழுதிவிடுவதாகச் சொன்னார். மேலே உள்ள கதையில், அனுப்பாத 3 பெட்டிகள் ஒதுக்கத்தில் இருக்கும் நேரத்தில் இப்படிச் செய்தால், 5-க்குப் பதில் 8 தெரியும். இல்லாத மூன்று பெட்டிகளை விற்றுவிடுவார். இரவில் கிடங்கின் எண்ணை எடுங்கள், ஆனால் அதை இணையக் கடையில் பதிவான கையிருப்போடு மட்டும் ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் பட்டியலிடுங்கள். தானாகத் திருத்த விடாதீர்கள். வேறுபாடு ஒரே ஆர்டரின் எண்ணிக்கைக்குச் சமமாக இருந்தால், அந்த ஆர்டரின் அனுப்பல் செய்தி வராமல் போயிருக்கலாம், அல்லது இருமுறை வந்திருக்கலாம். முதலில் அங்கேதான் தேடுவேன்.