வியட்நாமியப் பெயர்த்தொடரை ஆங்கிலத்தில் வரிசை மாற்றிய விதம்

வியட்நாமிய மரச்சாமான் பட்டியல் ஒன்றை ஆங்கிலமாக்கியபோது, 'ஹாய் காய் பான் கோ ட்ரோன் மொய் நை' என்ற தொடரில்தான் எனக்கு வழி பிடிபட்டது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் அது 'இரண்டு, காய், மேசை, மரம், வட்டம், புதிய, இந்த' என்று நிற்கிறது. இதில் 'காய்' என்பது எண்ணும் பொருள்களுக்கு முன் வரும் வகைச்சொல். ஆங்கிலத்தில் அதற்கு இடமில்லை.

நான் முதலில் 'பான்' என்ற தலைச்சொல்லைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பின்னுள்ளவற்றைக் கடைசியிலிருந்து படித்தேன். இந்த, புதிய, வட்டம், மரம் என்று கிடைத்த வரிசையில், முன்னாலிருந்த எண்ணைச் சுட்டுச்சொல்லுக்கு அடுத்து வைத்து, பெயரைப் பன்மையாக்கியதும் 'தீஸ் டூ நியூ ரவுண்ட் வுடன் டேபிள்ஸ்' என்று அமைந்தது. தமிழிலும் 'இந்த இரண்டு புதிய வட்ட மர மேசைகள்' என்றே வருவதால், நமக்குச் சரிபார்ப்பது எளிது.

எனினும் தலைகீழாக்குவது எல்லா இடத்திலும் செல்லாது. 'பான் மொய் முவா' என்பதில் 'மொய்'க்குப் பின் 'வாங்கு' என்ற வினை வருவதால், அது 'புதிய' என்னும் அடையன்று, 'இப்போதுதான்' என்ற பொருள் தருவது. ஆகவே இரண்டையும் பிரிக்காமல் 'நியூலி பாட் டேபிள்' என்று முன்னே நகர்த்த வேண்டும். 'மா' என்று தொடங்கும் நீண்ட விளக்கத் தொடரை மட்டும் ஆங்கிலத்திலும் பெயருக்குப் பின்னாலேயே விட்டுவிடுகிறேன்.