பெய்துகொண்டிருந்த மழை

ஹட்டனில் பிரெஞ்சு படித்தபோது அம்மாயி சொன்ன தேயிலைத் தோட்டத்துக் கதையை மொழிபெயர்த்தேன்: "நாலு மணிக்கே எந்திரிக்கும் எங்கம்மா, ரொட்டி சுடும், பெரட்டுக்குப் போகும். அன்னைக்கு மூணு மணிநேரம் மழை பெஞ்சுக்கிட்டே இருந்துச்சு, லயத்துக் கூரை பறந்துருச்சு."

பிரெஞ்சு இறந்தகாலத்தில் பின்னணியையும் பழைய வழக்கத்தையும் சொல்லும் வடிவம் ஆம்பர்ஃபே, முடிந்த நிகழ்ச்சியைச் சொல்லும் வடிவம் பாஸே கொம்போசே. 'கொண்டிருந்தது' வந்தால் ஆம்பர்ஃபே, மற்ற இறந்தகாலமெல்லாம் பாஸே கொம்போசே என்பது என் சூத்திரம். மழைக்கு 'இல் ப்ளூவே' போட்டேன். ஆசிரியர் அடித்துவிட்டார். மூன்று மணிநேரம் என்று அளவு கட்டிவிட்டால், எவ்வளவு நீண்டாலும் அது முடிந்த நிகழ்ச்சி: 'இல் ஆ ப்ளூ'. 'கூரை பறந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது' என்றால்தான் மழை பின்னணி. அப்போது 'இல் ப்ளூவே' சரி.

பெரிய வேடிக்கை 'எந்திரிக்கும்'. வடிவம் எதிர்காலம் என்பதால் 'எல் ஸ லேவ்ரா', அதாவது இனிமேல் எழுந்திருப்பாள் என்று எழுதிவைத்திருந்தேன்! தமிழில் பழைய வழக்கத்தை இந்த வடிவில்தான் சொல்கிறோம்; பிரெஞ்சில் அது ஆம்பர்ஃபே, 'எல் ஸ லவே'.

இப்போது 'வழக்கமாக' என்ற சொல்லைச் சேர்த்துப் படிக்கிறேன். ஒட்டினால் ஆம்பர்ஃபே. 'பத்து வருசம் கொழுந்து பறிச்சுச்சு' என்பதில் ஒட்டாது. வருடக்கணக்கு நீண்டாலும் பாஸே கொம்போசேதான்.