இன்டர்ன்ஷிப் மெயில்ல உங்க ப்ராஜெக்டை புதைக்காதீங்க

குன்னூர்ல வீட்டுல உக்காந்து கோயம்புத்தூர் கம்பெனி ஒண்ணுக்கு வேலை பாக்குறேன், டீமுக்கு வர்ற இன்டர்ன்ஷிப் மெயிலை முதல்ல படிச்சு வடிகட்டுறது என் வேலை. கோத்தகிரி, கூடலூர் பக்கத்துப் பசங்க மெயில்னா கொஞ்சம் ஆசையா திறப்பேன், திறந்தா நாங்க அந்தக் காலத்துல பண்ணின அதே கூத்து. ஸ்பெல்லிங், காலி சப்ஜெக்ட் பத்தியெல்லாம் சொல்லப் போறதில்ல, அது உங்களுக்கே தெரியும்.

டூல் பேரை எழுதிட்டு ப்ராஜெக்ட்னு சொல்றது

எனக்கு இன்னும் எரிச்சல் வர்றது இதுலதான். கோத்தகிரி பக்கம் ஒரு பொண்ணு, பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம். மெயில்ல காலேஜ் பேரு, பர்சன்டேஜ், பத்தாவது மார்க், பன்னெண்டாவது மார்க், எல்லாம் முடிஞ்சு கடைசில "ப்ராஜெக்ட்: டீ லீஃப் மேனேஜ்மென்ட் சிஸ்டம் (பைத்தான், எஸ்க்யூலைட்)". அவ்ளோதான். லைப்ரரி மேனேஜ்மென்ட், ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட்னு வர்ற கூட்டத்தோட இதையும் தள்ளியிருப்பேன், தேயிலைன்னு பாத்ததால போன் போட்டேன்.

"என்னம்மா இது, யாருக்கு பண்ணின?"

"அப்பாவுக்குத்தான் சார். நாங்க ஃபேக்டரிக்கு இலை குடுக்குறோம், நோட்டுல எழுதுறது மாசக் கடைசில சரியா வராது, அதான்."

அப்புறம் பேசப் பேச ஒவ்வொண்ணா வெளிய வருது. இலை எடை தினமும் தெரியும், ஆனா விலை மாசம் முடியுறப்பதான் தெரியும், அதனால எடையை ஒரு டேபிள்லயும் விலையை மாசத்துக்கு ஒரு வரியா வேற டேபிள்லயும் வச்சிருக்கா, விலை வந்ததும் அந்த ஒரு வரியை நிரப்பினா மொத்த மாசக் கணக்கும் வந்துடும். ஒரு மாசம் அவ கணக்கு 640 கிலோ, ஃபேக்டரி சீட்டுல 612. அப்பா ஏஜென்ட் மேல சந்தேகப்பட்டிருக்கார். இவ நாள் நாளா ஒப்பிட்டுப் பாத்தா வித்தியாசம் எல்லாம் மழை பெஞ்ச நாள்லதான் வருது, ஈரத்துக்குக் கழிச்ச எடை, அதை இவ புரோகிராம்ல போட இடமே இல்ல. தனி என்ட்ரி சேர்த்ததும் கணக்கு நேராயிடுச்சு.

இவ்வளவையும் விட்டுட்டு பன்னெண்டாவது மார்க்கை எழுதி அனுப்பியிருக்கா! தலைல அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. திருப்பி எழுதுன்னு சொன்னேன், அனுப்பினா, நடுவுல இப்படி இருந்துச்சு:

"வீட்டில் கொடுக்கும் பச்சை இலையின் தினசரி எடையைப் பதிந்து மாதக் கணக்கு போடும் புரோகிராம் பைத்தானில் எழுதினேன், அப்பா இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறார். ஒரு மாதம் ஃபேக்டரி சீட்டோடு 28 கிலோ இடித்தது. மழை நாளில் ஈரத்துக்குக் கழிக்கும் எடையை நான் சேர்க்கவில்லை என்று கண்டுபிடித்து மாற்றினேன். லேப்டாப்பில் மட்டும்தான் ஓடும், போனில் இன்னும் இல்லை."

நாலு வரிதான். யாருக்கு, என்ன செஞ்சது, எங்க உடைஞ்சது, எது இன்னும் முடியல. படிக்கிறவனுக்கு கேள்வி தானா வரும், கேள்வி வந்தாதான் இன்டர்வியூவுக்கு கூப்பிடுவான். டூல் பேரை மட்டும் பாத்தா என்னத்த கேக்குறது, பைத்தான் தெரியுமான்னா?

பெருசாக்கி சொல்றது

ஒரு தம்பி "நிறைய யூசர்ஸ் பயன்படுத்துறாங்க"ன்னு எழுதியிருந்தான். யூசர் டேபிள் எங்கன்னு கேட்டேன். இல்லவே இல்ல. அப்பா ஒருத்தர் யூஸ் பண்றார்னா அப்பா ஒருத்தர்னே எழுதுங்க.

திறக்காத லிங்க்

கிட்ஹப்ல பிரைவேட்டா இருந்தா உங்களுக்கு மட்டும் திறக்கும், எங்களுக்கு 404. அனுப்புறதுக்கு முன்னாடி இன்காக்னிட்டோல ஒரு தடவை தட்டிப் பாருங்க. இலவச ஹோஸ்டிங்ல போட்டிருந்தா சில இடத்துல கொஞ்ச நேரம் யாரும் வரலன்னா தூங்கிடும், மறுபடி எழும்ப ஒரு நிமிஷம் கூட ஆகும், அதுவரைக்கும் நாங்க உக்காந்திருக்க மாட்டோம். அதனால மெயில்லயே ஒரு ஸ்க்ரீன்ஷாட் வைங்க, ஆனா அதுல பக்கத்து வீட்டுக்காரர் பேரு, போன் நம்பர், நிஜ பணக்கணக்கு எதுவும் தெரியக்கூடாது. அந்தப் பொண்ணு முதல்ல அனுப்பின படத்துல சித்தப்பா கடன் பாக்கி வரைக்கும் இருந்துச்சு.

குரூப் ப்ராஜெக்ட்

"நாங்க பண்ணோம்" வேண்டாம். நீங்க என்ன பண்ணீங்க?

டிகிரி

கடைசில ஒரு வரி. கோர்ஸ், காலேஜ், எப்ப முடியுது, எந்தத் தேதில இருந்து வர முடியும். மார்க் கட்ஆஃப் வச்சிருக்குற கம்பெனி ஃபார்ம்ல தனியா கேக்கும், அங்க போடுங்க.