கல்விக் கடன்: இரண்டாம் ஆண்டுப் பணம் கேட்கும் கடிதத்தில் நடக்கும் தவறுகள்

கல்விக் கடன் சாங்ஷன் ஆனதும் நான்கு வருடப் பணமும் தானாக வந்துவிடும் என்று பல குடும்பங்கள் நம்புகின்றன. அப்படி வராது. ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி கேட்கும் கட்டணத்தைக் காட்டி, நாம் எழுதிக் கேட்ட பிறகுதான் அந்த ஆண்டுக்கான தொகையை வங்கி கல்லூரிக் கணக்குக்கு அனுப்பும். ஜூலையில் கட்ட வேண்டிய பணம் செப்டம்பர் வரை இழுப்பதற்குப் பெரும்பாலும் இந்தக் கடிதமும் இணைப்புகளுமே காரணம்.

முதல் தவறு, சேர்க்கையின்போது கல்லூரி கொடுத்த நான்கு வருட ஃபீஸ் ஸ்ட்ரக்சரையே மறுபடியும் இணைப்பது. அது மதிப்பீடு மட்டுமே. வங்கிக்கு வேண்டியது இந்த ஆண்டுக்கான டிமாண்ட் லெட்டர். அதில் மாணவர் பெயர், பதிவு எண், எந்த ஆண்டு, டியூஷன், ஹாஸ்டல், மெஸ் என்று தனித்தனித் தொகை, கடைசித் தேதி, கல்லூரியின் வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி கோடு, கையொப்பம், முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். கல்லூரி ஆப்பில் தெரியும் பாக்கித் தொகையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொடுத்தால் திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். பணத்தை எந்தக் கணக்குக்கு அனுப்புவது என்று அதில் இருக்காது.

இரண்டாவது தவறுதான் அதிகத் தாமதத்தைக் கொண்டுவருகிறது. டிமாண்டில் உள்ள மொத்தத்தை அப்படியே கேட்பது. சாங்ஷன் லெட்டரோடு ஆண்டுவாரியாக ஒரு பிரிப்பு இருக்கும். கடன் அதிகாரி அதையும் டிமாண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார். இரண்டும் ஒத்துப் போகவில்லை என்றால், ஏன் என்று கடிதம் சொல்ல வேண்டும்.

ஓர் உதாரணம். மொத்தக் கடன் 5,50,000 ரூபாய். வங்கிகள் பின்பற்றும் மாதிரித் திட்டத்தில், 4 லட்சத்துக்கு மேற்பட்ட கடனில் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம் நம் பங்கு, அதாவது மார்ஜின். இரண்டாம் ஆண்டுச் செலவு 1,40,000 என்று சாங்ஷனில் இருந்தால், நம் பங்கு 7,000, வங்கி தருவது 1,33,000. இப்போது மெஸ் கட்டணம் ஏறி, டிமாண்ட் 1,52,000 என்று வருகிறது. கடிதத்தில் 1,52,000 கேட்டால், அந்த ஆண்டின் வரம்பைத் தாண்டுகிறது என்று ஃபைல் நின்றுவிடும். 1,33,000 மட்டும் கேட்டு, மீதி 19,000-ஐ (மார்ஜின் 7,000, உயர்ந்த மெஸ் கட்டணம் 12,000) நாங்கள் கட்டுகிறோம் என்று எழுதி, கட்டிய ரசீதை இணையுங்கள். உயர்ந்த தொகைக்கும் கடன் வேண்டுமென்றால் அதைத் தனிக் கடிதமாகக் கேளுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் கிடைக்க வேண்டியதும் சேர்ந்து தாமதமாகும்.

உதவித்தொகையும் மார்ஜினில் சேரும். முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகை கிடைத்திருந்தால், அதைக் கழித்த டிமாண்டைக் கல்லூரியிடம் கேட்டு வாங்குங்கள்.

கடிதம் நீளமாக வேண்டாம். குடும்பக் கஷ்டத்தை ஒரு பக்கம் எழுதிவிட்டு கடன் கணக்கு எண்ணை விட்டுவிடுகிறார்கள், பாவமாக இருக்கிறது. இவ்வளவு போதும்:

"பொருள்: கல்விக் கடன் கணக்கு எண் ____, இரண்டாம் ஆண்டுத் தொகை ரூ.1,33,000 விடுவிக்கக் கோருதல். ____ தேதியிட்ட சாங்ஷன் கடிதப்படி இத்தொகை ஒதுக்கப்பட்டுள்ளது. கல்லூரியில் கட்ட வேண்டிய கடைசி நாள் ____. எங்கள் பங்கான ரூ.19,000 கட்டிவிட்டோம். இத்தொகையைக் கல்லூரிக் கணக்குக்கு அனுப்ப வேண்டுகிறோம்."

கீழே மாணவரும், உடன் கடன் வாங்கிய பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டும். மாணவர் வெளியூர் விடுதியில் இருந்தால் இது அடிக்கடி விடுபடும்.

இணைப்பில் டிமாண்ட், சாங்ஷன் லெட்டர் நகல், முதலாண்டு மதிப்பெண் பட்டியல், முதலாண்டுக் கட்டண ரசீது ஆகியவை இருக்கட்டும். அந்த ரசீதை ஏற்கெனவே கொடுக்கவில்லை என்றால், போன தொகை கல்லூரிக்குச் சேர்ந்ததற்குச் சான்று இல்லை என்று அங்கேயே நிறுத்துவார்கள். தேர்வு முடிவு வரவில்லையா? சும்மா இருந்துவிடாமல், இரண்டாம் ஆண்டில் படிக்கிறார் என்ற போனஃபைடு சான்றிதழைக் கொடுத்து, முடிவு வந்ததும் தருவதாக எழுதுங்கள்.

அப்புறம், கவுன்டரில் வாயால் கேட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். கடிதத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள், அல்லது கிளையின் மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள். கடைசி நாள் நெருங்கினால் அந்த முத்திரை போட்ட நகலைக் காட்டிக் கல்லூரியிடம் அவகாசம் கேட்கலாம். எந்தக் காகிதம் குறைகிறது என்று வங்கியையும் எழுத்தில் சொல்லக் கேளுங்கள். பதில் இல்லை என்றால் அந்த வங்கியின் குறைதீர் பிரிவுக்குப் புகார் கொடுக்கலாம். புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லாவிட்டால், ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியே கட்டணமில்லாமல் முறையிடலாம்; அங்கும் முதலில் கேட்பது வங்கிக்குக் கொடுத்த புகாரின் நகலைத்தான்.