பட்டறையை மூடும்போது ஜிஎஸ்டி எண்ணை முதலில் ரத்து செய்யாதீர்கள்

கடலூர் செம்மண்டலத்தில் ஒரு லேத் பட்டறை, புதுச்சேரி வில்லியனூரில் அதற்கொரு கிளை, இரண்டுக்கும் ஒரே முதலாளி என்று வைத்துக்கொள்வோம். மூடுவதென்று முடிவானதும் பலர் முதலில் செய்வது ஜிஎஸ்டி எண்ணை ரத்து செய்ய விண்ணப்பிப்பதுதான். சரக்கை அப்புறம் விற்றுக்கொள்ளலாம் என்பது கணக்கு. கைக்காசு போவது அங்கேதான்.

ரத்தாகும் தேதிக்கு முந்தைய நாள் கையிருப்பில் இருக்கும் சரக்குக்கு, வாங்கும்போது எடுத்த இன்புட் கிரெடிட்டையோ விற்றால் வரும் வரியையோ, எது அதிகமோ அதைக் கட்டியாக வேண்டும். 50,000 ரூபாய்க்கு வாங்கிய இரும்புக் கம்பி மிச்சம் இருந்தால், 18 சதவீதத்தில் குறைந்தது 9,000 ரூபாய். அதே கம்பியை எண் உயிரோடு இருக்கும்போதே 30,000-க்கு பில் போட்டுத் தள்ளிவிட்டால் வரி 5,400தான். அதையும் வாங்குபவரே தருகிறார். நஷ்டத்துக்கு விற்றாலும் சரக்கை முதலில் காலி செய்யுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

மெஷின் விஷயம் வேறு. இறுதிக் கணக்கில் தேய்மானம் போக நிற்கும் மதிப்பை வைத்து வரி போடுவது தவறு. லேத்தை 2 லட்சத்துக்கு வாங்கி, 36,000 கிரெடிட் எடுத்திருந்தால், விற்கும்போது அந்தக் கிரெடிட்டில் ஒவ்வொரு காலாண்டுக்கும் 5 சதவீதம் கழியும். காலாண்டில் ஒரு பகுதி ஆனாலும் முழுதாகக் கழித்துக்கொள்ளலாம். எட்டு காலாண்டு முடிந்த நிலையில் 21,600 மிச்சம். 90,000-க்கு விற்றால் பில்லில் வரும் வரி 16,200. அதிகமானது 21,600 என்பதால், மீதி 5,400 நம் பொறுப்பு. விலை பேசும்போதே இதைச் சேர்த்துப் பேசுங்கள். கிரெடிட் லெட்ஜரில் இருப்பு இருந்தால் அதிலிருந்தே கட்டலாம்.

புதுச்சேரிக் கிளைக்குத் தனி எண். கடலூர் எண் 33-ல் தொடங்கும், வில்லியனூர் எண் 34-ல். ஒன்றை ரத்து செய்தால் மற்றது தானாக ரத்தாகாது. கிளைச் சரக்கை வேனில் ஏற்றிக் கடலூருக்குக் கொண்டுவருவதும் வெளிமாநில விற்பனைதான், ஐஜிஎஸ்டி பில் வேண்டும். நம் சரக்கு நம்மிடமே வருகிறது என்று பில் இல்லாமல் ஏற்றாதீர்கள்.

பாக்கி GSTR-3B ரிட்டர்ன் எல்லாம் போட்ட பிறகு, ரத்து கேட்டு REG-16 விண்ணப்பம். ரத்து உத்தரவு வந்ததும் வேலை முடிந்ததென்று விட்டுவிடுகிறார்கள். GSTR-10 என்ற இறுதி ரிட்டர்ன் பாக்கி இருக்கிறது. ரத்துத் தேதி, உத்தரவுத் தேதி இரண்டில் பிந்தியதிலிருந்து மூன்று மாதத்துக்குள் போட வேண்டும். தவறினால் நாளுக்கு 200 ரூபாய், அதிகபட்சம் 10,000. கேஷ் லெட்ஜரில் பணம் மிச்சமிருந்தால் ரீஃபண்டு கேட்கலாம். அது வந்து சேரும்வரை கரண்ட் அக்கவுண்டை மூடாதீர்கள்.