30 நொடி டீசர்: முதலில் இசை, பிறகு காட்சி

முடிந்த அனிமேஷன் குறும்படத்திலிருந்து டீசர் வெட்டும்போது, எல்லாம் கலந்த இறுதி ஒலியை அப்படியே எடுக்காதீர்கள். ஒவ்வொரு வெட்டிலும் பின்னணி இசை துள்ளும். கண்ணை மூடிக் கேட்டாலே தெரிந்துவிடும். ப்ராஜெக்ட் ஃபைலைத் திறந்து வசனம், இசை, மற்ற சத்தங்கள் மூன்றையும் தனித்தனியாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அப்புறம் இசையில் தொடர்ச்சியான 25 நொடியை டைம்லைனில் போட்டு, அதன் தாளத்துக்குக் காட்சிகளை வெட்டுங்கள்.

அறுந்த பட்டத்தைத் தேடும் சிறுமியின் கதை என்று வையுங்கள். முதல் 3 நொடியிலேயே நூல் அறுந்துவிட வேண்டும். பிறகு அவளுடைய ஓட்டம், கூரை ஏறுதல். 25ஆவது நொடியில் இசை சட்டென்று நிற்க, எதையோ பார்த்துத் திகைக்கும் அவள் முகம். அவள் பார்த்ததைக் காட்டவே கூடாது. மீதி 5 நொடி படத்தின் பெயருக்கும் வெளியாகும் தேதிக்கும்.